ஒன்றரையா, எட்டா, நூறா: ஒரு ஆன்டிபாடி வரைபடத்தைப் படித்த கதை

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி ஒரு நாள் மாலை ஒரு வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தன்னார்வலர் இரண்டு டோஸ் போட்டுக்கொண்ட ஒரு புரதத் தடுப்பூசி. முதல் ஊசி 0ஆம் நாள், இரண்டாவது 84ஆம் நாள். இடையிடையே எடுத்த ரத்தத்தில் ஆன்டிபாடி அளவை எலைசா முறையில் பார்த்துப் புள்ளி வைத்திருந்தாள். கீழ் அச்சில் நாட்கள், பக்க அச்சில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை அலகு என்ற கணக்கு.

“அக்கா, ரெண்டாவது ஊசிக்குப் பெரிய வித்தியாசமே இல்லையே. முதல் மலையைவிட ஒன்றரை மடங்குதான் உயரம். ஆனா ஏறினது இறங்கவே இல்ல, அப்படியே நிக்குது” என்றாள்.

இரண்டுமே தப்பு. ஆனால் இரண்டும் வெவ்வேறு விதமான தப்பு. ஒன்று படித்ததில் நேர்ந்தது, மற்றொன்று வரைந்ததில் நேர்ந்தது. அந்த மாலை நாங்கள் அதைப் பிரித்துப் பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கணக்குப் போட வசதியாக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அளவுகோல் வைத்து அளந்தால் கிடைப்பது விடையல்ல

அவள் ‘ஒன்றரை மடங்கு’ என்று சொன்னது கண்மதிப்பில் அல்ல, ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாள். முதல் உச்சி 5.4 செ.மீ. உயரத்தில் இருந்தது, இரண்டாவது 8.1 செ.மீ. வகுத்தால் சரியாக 1.5. அளந்ததில் பிழையில்லை. ஆனால் பக்க அச்சில் எழுதியிருந்த எண்கள் 1, 10, 100, 1000, 10000 என்று போயின. ஒவ்வொன்றுக்கும் இடையே அதே 3 செ.மீ. இது லாக் அளவு. இதில் சம தூரம் ஏறினால் அளவு சம எண்ணிக்கையில் கூடாது, சம மடங்கில் பெருகும். ஒவ்வொரு 3 செ.மீ.க்கும் பத்து மடங்கு.

எனவே உயரத்தை உயரத்தால் வகுக்கவே கூடாது. அச்சுக்குப் போய் எண்ணைப் படித்துவிட்டு, எண்ணை எண்ணால் வகுக்க வேண்டும். முதல் உச்சி 64 அலகு, இரண்டாவது 500. வகுத்தால் கிட்டத்தட்ட 8 மடங்கு.

அந்த எண்ணைப் படிப்பதிலும் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 10க்கும் 100க்கும் நட்ட நடுவில் ஒரு புள்ளி இருந்தால் அது 55 இல்லை, ஏறக்குறைய 32. கையால் படிக்கும்போது பாதிப் பேர் இங்கே சறுக்குவார்கள். உதவிக்கோடுகள் போட்ட தாளில் 20, 30, 40 கோடுகள் மேலே போகப் போக நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

“அப்படின்னா சாதாரண அளவிலேயே போட்டிருக்கலாமே?” என்றாள். போட்டும் பார்த்தாளாம். முதல் ஊசியின் பகுதி முழுக்கத் தரையோடு ஒட்டிப்போய், முதல் ஊசி வேலையே செய்யாத மாதிரித் தெரிந்ததால் விட்டுவிட்டாளாம். அதுவும் நியாயம்தான். முதல் ஊசிக்கு உடல் தரும் விடையும் இரண்டாம் ஊசிக்குத் தரும் விடையும் பல மடங்கு வித்தியாசத்தில் இருக்கும்போது இரண்டையும் ஒரே தாளில் காட்ட லாக் அளவுதான் வழி. அதற்கு நாம் கொடுக்கும் விலை, கண் சொல்வதை நம்பக் கூடாது என்பது.

தட்டையான உச்சி

எனக்கு உறுத்தியது வேறொன்று. இரண்டாம் ஊசிக்குப் பிறகு 91, 98, 126, 154 ஆகிய நாட்களின் புள்ளிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே உயரத்தில் இருந்தன. நான்கும் 500. உயிருள்ள உடலில் இரண்டு மாதம் ஒரு அளவு கூடாமல் குறையாமல் நிற்காது. அப்படியே நின்றாலும் எலைசா அதை நான்கு முறையும் ஒரே எண்ணாகக் காட்டாது. ஒரே ரத்த மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலே பத்து சதவீதம் முன்னே பின்னே வரும். உச்சி மேசை மாதிரி தட்டையாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உடலையல்ல, அளவீட்டின் கூரையை.

“மூலக் கோப்பைத் திற” என்றேன். கருவியின் மென்பொருள் கொடுத்த அட்டவணையில் அந்த நான்கு நாட்களுக்கும் எதிரே `>500` என்று இருந்தது. வரைபடம் போட எண் வேண்டுமே என்று `>` குறியை மட்டும் நீக்கியிருக்கிறாள். “500க்கு மேல், எவ்வளவு என்று தெரியாது” என்ற வாக்கியம் “500” ஆகிவிட்டது. இந்தத் தவறை நானும் ஒரு காலத்தில் செய்தவள்தான், அதனால் திட்டவில்லை.

இது எப்படி நேர்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எலைசா தட்டின் குழியில் நீர்த்த ரத்தச் சீரத்தை விடுகிறோம். அதில் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு நிறம் ஏறும். அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் வரிசை ஒன்றை அதே தட்டில் வைத்து, எந்த நிறத்துக்கு எத்தனை அலகு என்று ஒப்பிடுகிறோம். நிறத்துக்கு ஓர் எல்லை உண்டு. குழியின் அடியில் பூசியிருப்பது ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி தேடிப் பிடிக்கும் தடுப்பூசிப் புரதம். அது முழுவதும் ஆன்டிபாடியால் நிறைந்துவிட்டால், அதற்கு மேல் எத்தனை ஆன்டிபாடி வந்தாலும் நிறம் கூடாது. அவள் எல்லா மாதிரிகளையும் 100 மடங்கு நீர்த்து ஓட்டியிருந்தாள். அந்த நீர்த்தலில் ஸ்டாண்டர்டின் மேல் எல்லை 500 அலகு. முதல் ஊசியின் மாதிரிகளுக்கு அது தாராளம். இரண்டாம் ஊசிக்குப் பிந்தைய மாதிரிகளுக்குக் கூரை தலையில் இடித்துவிட்டது.

நிற அளவுகளைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஸ்டாண்டர்டின் உச்சக் குழி 3.4 காட்டியிருந்தது, அந்த நான்கு மாதிரிகளும் 3.6க்கு மேல். கணக்கிட்ட அலகுகள் மறைத்ததை மூல எண் மறைக்கவில்லை.

மறுநாள் அந்த மாதிரிகளை மறுபடி ஓட்டினாள், இந்த முறை 5,000 மடங்கும் 20,000 மடங்கும் நீர்த்து. ஏன் இரண்டு நீர்த்தல் என்றால், இரண்டிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரே விடை வர வேண்டும். 98ஆம் நாள் மாதிரி ஒன்றில் 6,200, மற்றதில் 6,600. நல்ல பொருத்தம். 6,400 என்று எடுத்துக்கொண்டோம். இரண்டும் இரண்டு திசையில் போயிருந்தால், கூரை இன்னும் இடிக்கிறது, அல்லது நீர்த்ததில் கை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

திருத்திய அட்டவணை இது. ஐஜிஜி என்பது இங்கே அளந்த ஆன்டிபாடி வகையின் பெயர்:

| நாள் | ஐஜிஜி (அலகு/மி.லி.) |
|---|---|
| 0 | `<2` |
| 7 | `<2` |
| 10 | 4 |
| 14 | 16 |
| 28 | 64 |
| 56 | 32 |
| 84 (ஊசிக்குச் சற்று முன்) | 16 |
| 86 | 14 |
| 88 | 50 |
| 91 | 800 |
| 98 | 6,400 |
| 126 | 4,500 |
| 154 | 3,200 |

64க்கும் 6,400க்கும் நூறு மடங்கு. புதிய அச்சுத்தாளில் இரண்டு உச்சிகளுக்கும் இடையே சரியாக 6 செ.மீ., அதாவது இரண்டு பத்து மடங்குப் படிகள். ஒன்றரை எட்டாகி, எட்டு நூறாயிற்று. தன்னார்வலரின் ரத்தம் மட்டும் மாறவில்லை.

எதை எதோடு ஒப்பிடுவது

சரி, நூறு மடங்கு என்று எழுதிவிடலாமா? அது உச்சிக்கும் உச்சிக்கும் உள்ள விகிதம். இன்னொரு விகிதமும் இருக்கிறது: இரண்டாம் ஊசி போடுவதற்குச் சற்று முன் இருந்த 16இலிருந்து 6,400. அது 400 மடங்கு. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு கேள்விக்கான பதில். முதல் விடையைவிட இரண்டாம் விடை எவ்வளவு பெரியது என்பது ஒரு கேள்வி. இரண்டாம் ஊசி இருந்த நிலையிலிருந்து எவ்வளவு தூக்கியது என்பது மற்றொரு கேள்வி. ஓர் அறிக்கையில் வெறுமனே “400 மடங்கு உயர்வு” என்று பார்த்தால், எதிலிருந்து என்று கேட்காமல் மேலே நகரக் கூடாது.

இதே மாதிரி முதல் ஊசிக்கு “எத்தனை மடங்கு” என்று சொல்ல முடியுமா? முடியாது. 0ஆம் நாள் எண் `<2`. அதாவது கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழே. லாக் அளவில் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது என்பதால், வழக்கப்படி எல்லையில் பாதியை, அதாவது 1ஐ, அங்கே போட்டிருந்தாள். வரைபடத்தின் அடியில் 0 முதல் 7 நாள் வரை ஓடும் அந்தக் கோடு அளந்த அளவல்ல, நாம் வைத்த அடையாளம். அதை வைத்து 64ஐ 1ஆல் வகுத்து “64 மடங்கு” என்று எழுதினால், நாம் வைத்த அடையாளத்தை நாமே அளந்ததாகிவிடும். எல்லையில் பாதிக்குப் பதில் எல்லையையே போட்டிருந்தால் 32 மடங்கு என்று வந்திருக்கும். புள்ளியை வெற்று வட்டமாகப் போட்டு, அடியில் குறிப்பு எழுதச் சொன்னேன்.

தாமதமும் வேகமும்

உயரத்தைவிட எனக்குப் பிடித்தது கோட்டின் கிடைத்தூரம்தான். முதல் ஊசிக்குப் பிறகு ஆன்டிபாடி தலைகாட்ட எத்தனை நாள் ஆயிற்று? “ஏழு நாள்” என்றாள், கோடு 7ஆம் நாளிலிருந்து மேலே திரும்புவதால். அந்தத் திருப்பம் 7ஐயும் 10ஐயும் இணைத்த நேர்க்கோட்டின் வேலை. 7இல் இல்லை, 10இல் இருக்கிறது. நடுவில் ரத்தம் எடுக்கவில்லை. எனவே தாமதம் 7க்கும் 10க்கும் இடையில் என்பதுதான் நேர்மையான பதில். புள்ளிகள்தான் தரவு. கோடு கண்ணுக்கு வசதி.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு 2ஆம் நாள் (86) 14 அலகு, 4ஆம் நாள் (88) 50. தாமதம் 2க்கும் 4க்கும் இடையில். 16லிருந்து 14க்கு இறங்கியிருக்கிறதே என்று கேட்டாள். புதிதாக வந்த ஆன்டிஜென் ஏற்கெனவே இருந்த ஆன்டிபாடியில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்வதால் இப்படி ஒரு சிறு பள்ளம் வருவது உண்டுதான். ஆனால் இங்கே வித்தியாசம் 2 அலகு. எலைசாவின் இயல்பான ஆட்டத்துக்குள் அது அடங்கிவிடும். ஒரே ஒரு புள்ளியை வைத்து அதற்கு உயிரியல் காரணம் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏறும் வேகத்தை இரட்டிப்புக் கணக்கில் பார்ப்பது சுலபம். முதல் முறை 10ஆம் நாள் 4, 14ஆம் நாள் 16: நான்கு நாளில் இரண்டு முறை இரட்டிப்பு, அதாவது இரட்டிக்க 2 நாள். இரண்டாம் முறை 88ஆம் நாள் 50, 91ஆம் நாள் 800: மூன்று நாளில் நான்கு இரட்டிப்பு, ஒன்றுக்கு 18 மணி நேரம். உச்சியைத் தொடவும் முதல் முறை 28 நாள், இரண்டாம் முறை 14 நாள். இங்கேயும் நாம் ரத்தம் எடுத்த நாட்களில் தெரிந்த உச்சி இது. உண்மையான உச்சி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எங்காவது ஒளிந்திருக்கலாம்.

காரணம் செல்களில் இருக்கிறது. ஆன்டிபாடி உண்டாவது பி செல்கள் வழியாக. முதல் முறை அந்த ஆன்டிஜெனை அடையாளம் காணும் பி செல்கள் உடலில் மிகச் சொற்பம். அவை கண்டுபிடித்து, பெருகி, நிணநீர் முடிச்சுகளுக்குள் தேர்வாகி, முதலில் உண்டாகும் ஐஜிஎம் வகை ஆன்டிபாடியிலிருந்து ஐஜிஜி வகைக்கு மாறி வெளியே வர வாரங்கள் ஆகும். அந்தத் தேர்வில் ஒரு பகுதி நினைவு செல்களாகத் தங்கிவிடுகிறது. இரண்டாம் முறை எண்ணிக்கையிலும் அவை அதிகம், ஐஜிஜிக்கு ஏற்கெனவே மாறியவை, ஆன்டிஜெனை இறுக்கமாகப் பிடிக்கவும் கற்றவை. ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களாக மாற அவற்றுக்குச் சில நாட்களே போதும். டிப்தீரியா நச்சை வைத்து இந்த முதல், இரண்டாம் தூண்டல் வேறுபாட்டை க்ளென்னியும் சூட்மெர்செனும் 1921இலேயே விவரித்துவிட்டார்கள். பி செல் என்ற பெயரே அப்போது இல்லை.

அவளுடைய வரைபடத்தில் ஐஜிஎம்முக்குத் தனிக் கோடும் இருந்தது. முதல் முறை 14ஆம் நாளில் அது 40ஐத் தொட்டு இறங்கியது. இரண்டாம் முறையும் ஏறக்குறைய அதே உயரம். 14ஆம் நாள் ஐஜிஜி 16, ஐஜிஎம் 40 என்பதால் “அன்று ஐஜிஎம்தான் அதிகம்” என்று அடிக்குறிப்பு எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டேன். இரண்டுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்ட், தனித்தனி அலகு. ஒன்றின் 40ஐ மற்றதன் 16ஓடு ஒப்பிட முடியாது. ஐஜிஎம்மை ஐஜிஎம்மோடு ஒப்பிடலாம்: இரண்டு முறையும் ஒரே அளவு. ஐஜிஜியை ஐஜிஜியோடு ஒப்பிடலாம்: நூறு மடங்கு. இந்த இரண்டையும் அருகருகே வைத்தாலே, இரண்டாம் விடை ஐஜிஜியின் விடை என்பது தெரிந்துவிடும்.

இறங்குமுகம்

“இறங்கவே இல்ல” என்று அவள் முதலில் சொன்னது கூரையின் வேலை என்று தெரிந்துவிட்டது. இப்போது இறக்கம் தெரிகிறது. முதல் முறை 28ஆம் நாள் 64, 56ஆம் நாள் 32, 84ஆம் நாள் 16. ஒவ்வொரு 28 நாளுக்கும் பாதி. இரண்டாம் முறை 98ஆம் நாள் 6,400, 154ஆம் நாள் 3,200. பாதியாக 56 நாள்.

இதைச் சாதாரண அளவில் வரைந்தால் நேர்மாறாகத் தெரியும். முதல் முறை 56 நாளில் 48 அலகுதான் குறைந்தது; இரண்டாம் முறை அதே 56 நாளில் 3,200 அலகு. பார்ப்பவர் “இரண்டாவது சடசடவென்று சரிகிறதே” என்பார். லாக் அளவில் பார்த்தால் இரண்டாவதன் சரிவு முதலாவதில் பாதிதான். குறையும் வீதத்தைப் படிக்க லாக் அளவு எவ்வளவு உதவுகிறது என்பது இங்கேதான் புரியும். அங்கே நேர்க்கோடாக இறங்கினால் மாறாத அரை ஆயுள் என்று பொருள்.

இதில் இன்னொன்றும் கிடைக்கிறது. ரத்தத்தில் உள்ள ஐஜிஜியின் அரை ஆயுள் ஏறத்தாழ 21 நாள். உற்பத்தி அடியோடு நின்றிருந்தால் அளவு 21 நாளுக்கு ஒருமுறை பாதியாகியிருக்க வேண்டும். முதல் முறை 28 நாள் ஆயிற்று, எனவே கொஞ்சம் உற்பத்தி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை 56 நாள். இன்னும் அதிகமான பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் போய்க் குடியேறி, நிற்காமல் சுரந்துகொண்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம். ஒரே ஒருவருடைய இரண்டு மூன்று புள்ளிகளை வைத்து இதற்கு மேல் இழுக்கக் கூடாது. உச்சிக்குப் பிந்தைய முதல் மாதங்களில் இறக்கம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருப்பது வழக்கம், ஆகவே இந்த 56ஐ வைத்து இரண்டு வருடத்துக்குக் கோட்டை நீட்டி எண் சொல்வது வெறும் ஜோசியம்.

இது நினைவுதான் என்று எப்படித் தெரியும்?

நூறு மடங்கு என்பது மட்டும் நினைவுக்குச் சாட்சியாகாது. 84ஆம் நாள் வேறு ஏதாவது காரணத்தால் அவருடைய உடல் எல்லாவற்றுக்கும் முறுக்கேறி இருந்திருந்தால்? நல்ல வேளையாக, அதே நாளில் மற்றக் கையில் அவர் இதுவரை பெறாத வேறொரு தடுப்பூசியும் போடப்பட்டிருந்தது. அதற்கான ஆன்டிபாடிக் கோடு 91ஆம் நாள் இன்னும் தரையில்தான் கிடந்தது. பிறகு மெல்ல எழும்பி, நான்கு வாரம் கழித்து உச்சியைத் தொட்டது. முதல் தடுப்பூசியின் முதல் மலையை 84 நாள் தள்ளி வைத்தது போலவே இருந்தது. அதே உடல், அதே நாள். முன்பு பார்த்த ஆன்டிஜெனுக்கு மட்டும்தான் வேகமான விடை.

அதே தொகுப்பில் இன்னொருவருடைய வரைபடம் இதற்கு எதிர்ப்பக்கம். அவருக்கு 0ஆம் நாளிலேயே 9 அலகு இருந்தது; முதல் ஊசி போட்ட 7ஆம் நாள் 900. அட்டவணையில் “முதல் டோஸ்” என்று எழுதியிருந்தாலும் கோட்டின் வடிவம் இரண்டாம் விடையுடையது. அந்தக் கிருமி ஏற்கெனவே ஒருமுறை அவரைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. 2021இல் கோவிட் தடுப்பூசிகளின்போது, முன்பே தொற்று வந்தவர்களுக்கு ஒரே டோஸில் இப்படி ஏறியது பல நாடுகளில் பதிவானது. இவரை மற்றவர்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் முதல் டோஸின் சராசரி வீங்கிப்போய், இரண்டாவதன் சிறப்பு மங்கிவிடும். அதனால் 0ஆம் நாள் மாதிரியை முதலில் பார்த்துவிட்டுத்தான் யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக அவள் கேட்டது: “அப்போ 3,200 இருக்கிறவர் 16 இருந்தவரைவிட 200 மடங்கு பாதுகாப்பா இருக்காரா அக்கா?” இல்லை. இந்த அச்சில் இருப்பது அலகு, பாதுகாப்பு அல்ல. ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதுகூட இந்தக் கோட்டில் தெரியாது. அதற்கு யூரியாவால் கழுவி, எவ்வளவு கழன்று போகிறது என்று பார்க்கும் தனிச் சோதனை வேண்டும். பாதுகாப்புக்கு எல்லைக்கோடு வகுத்த தடுப்பூசிகளும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் கடைசி டோஸுக்கு ஒன்று இரண்டு மாதத்தில் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல வருடம் கழித்து அதே ஆளுக்கு அளவு 10க்குக் கீழே இறங்கினாலும், ஆரோக்கியமானவருக்கு நினைவு செல்கள் இருப்பதால் பொதுவாகப் பாதுகாப்பு தொடர்கிறது. அந்த வைரஸ் நோயாக வெளிப்பட வாரக்கணக்கில் ஆவதால், நினைவு செல்கள் விழித்துக்கொள்ள அவகாசமும் கிடைக்கிறது. சில நாளிலேயே நோயை உண்டாக்கும் கிருமியிடம் இந்த அவகாசத்தை எதிர்பார்க்க முடியாது.

வரைபடத்தை அவள் மூன்றாம் முறை வரைந்தாள். கண்டறியும் எல்லைக்கு ஒரு புள்ளிக்கோடு, எல்லைக்குக் கீழே இருந்தவற்றுக்கு வெற்று வட்டம், இரண்டு ஊசிக்கும் இரண்டு அம்புக்குறி, 84ஆம் நாள் மாதிரி ஊசிக்கு முன் எடுத்தது என்று ஒரு வரி. அட்டவணையில் `<` `>` குறிகளுக்கென்றே எண்ணுக்குப் பக்கத்தில் தனி நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டாள்.